நாலு ஜிபி லேப்டாப்ல போட்டோ பேக்ரவுண்ட் வெட்டற வேலை: ஜிம்ப்பா, போட்டோஷாப்பா?

சார், ஜிம்ப் பெஸ்ட்டா போட்டோஷாப் பெஸ்ட்டா?

ரேம் எவ்ளோ, ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா, வெட்டப் போறது பொருளா ஆளா, இதுல ஒண்ணாவது எழுதியிருக்கலாம்ல? இந்தத் தடவை வந்ததுல பாதி லெட்டர் இப்படித்தான் இருக்கு. Task Manager திறந்து Performance பக்கத்தைப் பாத்துட்டு மறுபடி எழுதுங்க.

4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். போட்டோஷாப் போடலாமா?

வேண்டாம். அடோபியே குறைஞ்சது 8 ஜிபி கேக்குது, 16 இருந்தா நல்லதுன்னு சொல்லுது. ஜிம்ப் போடுங்க, காசு கிடையாது. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுன்னு எவன் கிராக் குடுத்தாலும் தொடாதீங்க.

ஜிம்ப்ல 6000க்கு 4000 பிக்சல் கேமரா போட்டோ திறந்து, பொருளைத் தானா பிரிச்சு எடுக்கிற ஃபோர்கிரவுண்ட் செலக்ட் போட்டாலே லேப்டாப் உறைஞ்சிடுது. போட்டோஷாப்புக்கு மாறினா சரியாகுமா?

இன்னும் மோசமாகும். உங்க போட்டோ 6000க்கு 4000, அதாவது 24 மெகாபிக்சல். டிஸ்க்ல ஜேபெக்கா 8 எம்பி இருக்கலாம், ஆனா திறந்ததும் ஒரு லேயர் மட்டுமே மெமரில கிட்டத்தட்ட 100 எம்பி புடிக்கும், நாலு லேயர் வெச்சு அன்டூவும் சேந்தா எங்க போகும்னு பாருங்க. ரேம் தீந்ததும் எல்லாம் ஹார்ட் டிஸ்குக்குப் போகுது, அப்ப Task Manager-ல Disk 100% காட்டும், அதான் அடையாளம். ஆன்லைன்ல விக்கிற படத்துக்கு 2000 பிக்சல் அகலம் தாராளம். முதல்ல ஒரிஜினலைக் காப்பி எடுத்து வெச்சுக்குங்க, அப்புறம் Image > Scale Image-ல குறைச்சிட்டு வெட்டுங்க, அதே லேயர் 11 எம்பிக்குள்ள அடங்கிடும். Image > Precision 8-bit-ல இருக்கான்னும் பாத்துக்குங்க, பிரவுசரை மூடிடுங்க.

குத்துவிளக்கு படத்துல எரேசர் வெச்சு பேக்ரவுண்டை அழிச்சு ஜேபெக்கா சேவ் பண்ணிட்டேன். இப்ப கஸ்டமர் அடில இருந்த நிழல் வேணும்ங்கிறார். எப்படித் திரும்பக் கொண்டு வர்றது?

வராது. காப்பி எடுத்து வெச்சிருந்தா அதுல இருந்து மறுபடி ஆரம்பிங்க, இல்லன்னா மறுபடி போட்டோ எடுக்கணும். எத்தனை தடவை எழுதிட்டேன், எரேசரைத் தொடாதீங்கன்னு! எரேசர் பிக்சலையே அழிக்குது, லேயர் மாஸ்க் மறைக்க மட்டும்தான் செய்யுது. ரேம் கம்மின்னு மாஸ்க்குக்குப் பயப்படறாங்க, அதுவும் தப்பு, மாஸ்க்னா ஒரே ஒரு சேனல், லேயர் புடிக்கிற இடத்துல கால்வாசிதான்.

பித்தளைக்கு ஃபோர்கிரவுண்ட் செலக்ட்டே போடாதீங்க. பளபளப்புல சுவரோட கலர் விளக்கு மேலயே விழுந்திருக்கும், அதையும் பேக்ரவுண்டுன்னு நினைச்சு விளக்கைக் கடிச்சிடும். B அழுத்தி பாத் டூல் எடுங்க, ஓரத்தை ஒட்டிப் புள்ளி வெச்சுட்டே போங்க, தண்டு நேரா இருக்கிற இடத்துல ரெண்டு புள்ளி போதும், அகல் வளையற இடத்துல புள்ளியை இழுத்து வளைச்சுக்குங்க, கடைசில Ctrl புடிச்சு முதல் புள்ளியை கிளிக் பண்ணி மூடுங்க, என்டர் தட்டினா செலக்‌ஷன் ஆயிடும். Select மெனுல Shrink 1 பிக்சல், Feather 1 பிக்சல் குடுங்க, இல்லன்னா பழைய சுவர் வெள்ளைக் கோடா விளக்கைச் சுத்தி ஒட்டிட்டு நிக்கும். அப்புறம் லேயர்ல ரைட் கிளிக், Add Layer Mask, அதுல Selection. நிழல் வேணும்னா மாஸ்க் மேல மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால, ஒபாசிட்டி 30 வெச்சு, வெள்ளையை அடிப்பக்கம் தடவினாப் போதும், எடுத்தப்ப இருந்த நிழலே மெல்ல வெளிய வரும். கருப்பு தடவினா திரும்ப மறைஞ்சிடும். Ctrl+S குடுத்தா ஜிம்ப்போட சொந்த ஃபார்மேட்டான எக்ஸ்சிஎஃப்பா சேவ் ஆகும், அந்த ஃபைல்தான் உங்க முதல். கஸ்டமருக்கு பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஜேபெக்ல டிரான்ஸ்பரன்சி நிக்காது.

பின்னாடி வெள்ளையா வருது, டிரான்ஸ்பரன்ட் ஆகல.

Layer > Transparency > Add Alpha Channel. அப்புறம் எரேசரைக் கீழ வைங்க, மேல இருக்கிற பதிலைப் படிங்க.

கல்யாணப் பொண்ணு படம், முடி காத்துல பறக்குது. ஜிம்ப்ல முடியுமா?

முடியும், ஆனா ஒரு படத்துக்கு அரை நாள் போயிடும். முடில போட்டோஷாப்தான் மேல, ஒத்துக்கணும். Select and Mask-ல ரீஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை முடி ஓரமா ஓட்டி Decontaminate Colors டிக் பண்ணினா, முடில ஒட்டின பழைய பச்சை, நீலமெல்லாம் பெரும்பாலும் போயிடும். மாசத்துக்கு பத்து இருவது ஆள் படம் வருதுன்னா 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டுட்டு சந்தா கட்டுங்க. கட்டறதுக்கு முன்னாடி, மாசா மாசம் காசு கட்டற வருஷ பிளானா, உண்மையிலேயே மாச பிளானான்னு ரெண்டு தடவை படிங்க, முதல் வகையை நடுவுல நிறுத்தினா அபராதம் உண்டு. வருஷத்துக்கு ரெண்டு படம்தான்னா, போட்டோஷாப் வெச்சிருக்கிற தெரிஞ்ச ஸ்டுடியோக்காரர்கிட்ட குடுத்து வாங்கிக்குங்க.

போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல் ஜிம்ப்ல திறக்குமா?

திறக்கும். லேயர் வரும், மாஸ்க் வரும், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் அப்படியே வராது. காப்பில திறங்க.