ஈஸ்டர் ஜெபத்துல "தேவிக்தா மோர்த்தே": கேள்வி பதில்

அண்ணா, ஈஸ்டர் ஞாயிறு திருப்பலி தொடக்க ஜெபத்துல வர்ற "தேவிக்தா மோர்த்தே"வ "தோற்கடிக்கப்பட்ட சாவோடு"ன்னு போட்டேன். வாசிச்சா ஒட்டவே இல்ல.

"சாவை வென்று"ன்னு போடுங்க தம்பி. லத்தீன்ல முக்கால்வாசி வினைக்கு "வென்று" மாதிரி ஒரு எச்சமே கிடையாது, அதனாலதான் "சாவு வெல்லப்பட்டிருக்க"ன்னு அப்லேட்டிவ் அப்சொல்யூட்ங்கிற, வாக்கியத்துல தனியா நிக்கிற ஒரு தொடரா சுத்தி வர்றாங்க, நமக்கு வினையெச்சம் கையிலயே இருக்கும்போது அந்தச் சுத்து எதுக்கு? கடைசில வர்ற "ரெசெராஸ்தி" வெறும் திறக்குறது இல்ல, தாழ்ப்பாள நீக்குறது. அப்போ வரி இப்படி வரும்: "இறைவா, இன்று உம் ஒரே மகன் வழியாகச் சாவை வென்று, நிலைவாழ்வின் வாசலை எங்களுக்குத் தாழ் திறந்தீர்." "பட்ட"ங்கிறத பாத்தாலே பேனாவ நிறுத்திடுங்க.

சாவ வென்றது இயேசு. நீங்க எழுதினதுல பிதா வென்றார்னு ஆயிடுச்சே சார்?

சரியான இடத்துல புடிச்சீங்க. "வென்று"ன்னா வென்றவரும் திறந்தவரும் ஒரே ஆளு. ஆள் வேறன்னா "மழை பெய்ய, பயிர் விளைஞ்சது" மாதிரி "உம் மகன் சாவை வெல்ல, நீர் வாசலைத் திறந்தீர்"னு வரணும். ஆனா யார் வென்றதுன்னு லத்தீன் அந்த ரெண்டு சொல்லுல சொல்லவே இல்ல, "பெர் ஊனிஜேனித்தும் தூவும்", அதாவது உம் ஒரே மகன் வழியாகன்னு மட்டும் முன்னாடி வருது. 2011 ஆங்கிலத் திருப்பலி நூல்ல கடவுளே மகன் வழியா வென்றார்னுதான் வச்சாங்க. தே தேயும் பாட்டுல இந்தச் சிக்கலே இல்ல, அங்க "தேவிக்தோ மோர்த்திஸ் ஆக்கூலெயோ", அதாவது சாவின் கொடுக்கை வென்றுன்னு, கிறிஸ்துவப் பாத்தே "தூ", நீர்னு பாடுறோம், வென்றதும் திறந்ததும் அவரேதான்.

அப்போ "மகன் வெல்ல"தானே சார் பாதுகாப்பு?

"வெல்ல"ன்னு போட்டா "வழியாக" காணாமப் போயிடும், பிதா மகன் மூலமா செய்றாருங்கிற அந்த ஜெபத்தோட ஓட்டமே அறுந்துடும். உங்க பயமும் நியாயம்தான், சபையில வாசிக்கும்போது தப்பா கேக்கும். நான் "வென்று" பக்கம், நீங்க அந்தப் பக்கம், அது அப்படியே இருக்கட்டும்.

"பெர் கிறிஸ்தும் தோமினும் நோஸ்த்ரும்" கூட இதே அப்சொல்யூட்தானே?

இல்ல. "பெர்" வந்தா பின்னாடி வர்ற சொல் அக்கியூசடிவ் வேற்றுமை, அப்லேட்டிவ் இல்ல.

"தே ரெக்தோரே, தே தூச்சே"ன்னு ஒரு ஜெபத்துல இருக்கு, வினையவே காணோமே அண்ணா?

"இரு"ங்கிற வினைக்கு லத்தீன்ல அப்சொல்யூட்ல வைக்க எச்சமே இல்ல, அதான் ரெண்டு பெயர்ச்சொல்லே போதும்னு விட்டுட்டாங்க. "உம்மை ஆட்சியாளராகக் கொண்டு"ன்னு இழுக்காதீங்க. "நீர் ஆள, நீர் வழிநடத்த", அம்புட்டுத்தான். இங்க ஆள் வேற வேற, ஆளுறது கடவுள், அந்த வழியில போறது நாம, அதனால "வழிநடத்தி" வரக்கூடாது.

எங்க பையன் கல்யாண பத்திரிகைக்கு ஒரு நல்ல லத்தீன் வரி குடுங்க சார்.

உங்க பங்கு சாமியார்கிட்ட கேளுங்கம்மா.

நற்கருணை மன்றாட்டுல "எலெவாத்திஸ் ஒக்கூலிஸ்", "உயர்த்தப்பட்ட கண்களோடு" ஓகேவா?

மறுபடியும் "பட்ட"! மேல சொன்னத வாசிங்க. யாரோ வந்து தூக்கிவிட்ட கண்ணா அது? இயேசு தன் கண்ண தானே ஏறெடுக்குறாரு, அப்பத்த எடுத்தவரும் அவரே. "கண்களை வானத்தை நோக்கி ஏறெடுத்து."