மெயில் போட்டாகிவிட்டது, அப்புறம்?

வணக்கம். ஆன்லைனில் சட்டை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, படம் எடுத்துத் தருகிறேன் என்று செவ்வாய்க்கிழமை மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. போன் செய்யலாம் என்றால், எடுத்ததும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. ‘மெயில் கிடைத்ததா சார்?’ என்று ஆரம்பிக்கலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். ‘கிடைத்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். ‘பார்க்கவில்லையே’ என்றால் ‘மறுபடி அனுப்புகிறேன்’ என்று நீங்களே போனை வைத்துவிடுவீர்கள். மெயிலில் இருந்த விஷயத்தையே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அவர் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் பேச்சு நகரும்.

அதற்கு மெயிலில் ஒரு குறிப்பான விஷயம் இருந்திருக்க வேண்டும். ‘தரமாக எடுத்துத் தருவேன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், முதலில் அவர்கள் தளத்தை அரை மணி நேரம் பாருங்கள். ஒரே நீலச் சட்டை ஒரு படத்தில் கருநீலமாகவும் இன்னொன்றில் வெளிறியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தால் அப்படித்தான் ஆகும். பேச அது போதும்:

“வணக்கம், நான் (பெயர்). விற்பனைக்கு வரும் உடைகளைப் படம் எடுத்துத் தருகிறேன். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு மெயில் எழுதியிருந்தேன். உங்கள் தளத்தில் ஒரே சட்டையின் நிறம் படத்துக்குப் படம் மாறுவதைப் பார்த்தேன். இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா?”

சரி என்றால் ஒரே ஒரு கேள்வி: “நிறம் வேறாக இருக்கிறது என்று சட்டைகள் திரும்பி வருவதுண்டா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். மறுமுனை நான்கு விநாடி அமைதியானாலே நமக்குப் பதற்றமாகி, கேமரா, அனுபவம், சலுகை என்று கொட்ட ஆரம்பித்துவிடுவோம். அவர் யோசித்துக்கொண்டிருப்பார், நடுவில் புகுந்து கெடுக்காதீர்கள்.

‘வருகிறது, அது பெரிய தலைவலி’ என்றால், போனிலேயே விலை பேச உட்காராதீர்கள். “இரண்டு சட்டைகளைச் சரியான நிறத்தில் எடுத்துக் காட்டுகிறேன். அதைப் பார்த்துப் பேச வியாழன் காலை 11 மணிக்கு 15 நிமிடம் ஒதுக்க முடியுமா?” இந்த அழைப்பில் உங்களுக்கு வேண்டியது அந்த 15 நிமிடம்தான்.

‘அப்படி எதுவும் வருவதில்லை’ என்றால் வாதாடாதீர்கள். நீங்கள் பார்த்த குறை அவருக்குக் குறையாக இல்லை, அவ்வளவுதான். “படங்களை இப்போது யார் எடுக்கிறார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். ஆபீஸ் பையனே போனில் எடுக்கிறான் என்று தெரிந்தால் பேச இடம் இருக்கிறது. நிலையாக ஒரு ஆள் வைத்திருந்தால் நன்றி சொல்லி விட்டுவிடலாம்.

‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்றால் ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று மொட்டையாக வைக்காதீர்கள். “இன்று 4 மணியா, நாளைக் காலையா?” என்று கேட்டு, சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். நேரம் சொல்லாமல் இரண்டாவது முறையும் நழுவினால் அது நாசூக்கான ‘வேண்டாம்’.

நேரம் கிடைத்துவிட்டால், போனை வைத்ததும் பழைய மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: பேச ஒப்புக்கொண்ட நேரம், காட்டப்போகும் சட்டைகள். பழைய மெயிலும் அப்போது அவர் கண்ணில் படும்.