கிண்டல் எதுவரை? – கேள்வி பதில்

மேடம், டீமுக்குப் புதுசா வந்தவங்களை லேசா கலாய்ச்சுப் பழகலாம்னு பார்க்கறேன். எதை வெச்சு ஆரம்பிக்கறது?

அவர் விரும்பிச் செய்கிற, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் படுகிற ஒன்றை எடுங்கள். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுபவரா? "எனக்கு என்ன மறந்துபோச்சுன்னு உங்க பட்டியல்ல பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கலாம். அதற்குள் ஒரு பாராட்டும் இருக்கிறது. உடம்பு, நிறம், பேச்சு, சம்பளம், கல்யாணம், குழந்தை பக்கம் போகவே வேண்டாம். முதல் நாள் ஒன்றோடு நிறுத்துங்கள். அவர் பதிலுக்கு உங்களைக் கலாய்த்தால் மட்டும் அடுத்தது.

சிரிச்சுட்டாங்கன்னா பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?

பாதி சரி. மரியாதைக்குச் சிரிக்கும்போது பெரும்பாலும் வாய் மட்டும் சிரிக்கும், கண்ணோரம் சுருங்காது. ஆனால் கண்ணையும் சேர்த்துச் சிரித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அதனால் சிரிப்பை விட, அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள்.

அதே பட்டியல்காரரைப் பத்துப் பேர் முன்னால் "பட்டியல் ராணி வந்தாச்சு" என்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். ஆனால் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொள்கிறார், அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், அடுத்த கூட்டத்துக்குப் பட்டியலே வரவில்லை. மனசு புண்பட்டிருக்கிறது. தனியாகப் பார்த்து, "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு, இனிமே சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பேசுங்கள். "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று மட்டும் சேர்க்காதீர்கள். 2006இல் உளவியலாளர் ஜஸ்டின் க்ரூகரும் சக ஆய்வாளர்களும் இதைத்தான் காட்டினார்கள்: நம் நல்லெண்ணம் எதிராளிக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் நினைக்கிற அளவுக்கு அவருக்கு அது தெரிவதில்லை. அவர் காதில் விழுந்தது அந்த வார்த்தை மட்டும்தான்.

அக்கா, ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல என் முடி கொட்டறதை வெச்சு தினமும் ஓட்டறாங்க. நானும் சிரிச்சுடுவேன். திருப்பி எப்படிக் கலாய்க்கறது?

திருப்பிக் கலாய்த்தால் அந்தப் பேச்சு இன்னும் ஒரு சுற்று ஓடும். முதலில் சிரிப்பதை நிறுத்துங்கள். அதைத்தான் அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக ஆரம்பித்து வைப்பவரைத் தனியாகப் பிடித்து, "முடி விஷயம் வேண்டாம்டா, மத்ததுக்கு எப்பவும் போல ஓட்டு" என்று சொல்லுங்கள். எது கூடாது, எது பரவாயில்லை என்று இரண்டையும் சொன்னால் அவர் முறைத்துக்கொள்ள இடமிருக்காது. அதன் பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றால், அது கிண்டல் இல்லை.

நான் மேனேஜர். முதல்ல என்னையே கிண்டல் பண்ணிக்கறேன். அப்புறம் யாரையும் சொல்லலாம்ல?

உங்களை நீங்களே கிண்டல் செய்வது இறுக்கத்தைத் தளர்த்தும். அடுத்தவரைச் சொல்ல அது அனுமதிச் சீட்டாகாது. அவருடைய சம்பள உயர்வு உங்கள் கையில் இருக்கும்போது அவர் எப்படித் திருப்பிச் சொல்வார்? உங்கள் முகத்துக்கு நேரே தாங்களாகவே உங்களைக் கலாய்க்கிற டீமாக இருந்தால் கொஞ்சம் இடமுண்டு. அங்கேகூட, அன்றைக்கு வேலையில் தவறு செய்தவரைத் தொடலாமா என்பதில் எனக்கே தயக்கம்தான்.