ஏடிஎம் தாமதத்துக்கு இழப்பீடு: மதுரை டீச்சர் எழுதிய கடிதம்

கேள்வி: ஜூன் 4-ஆம் தேதி ஏடிஎம்மில் 8,000 ரூபாய் எடுக்கப் போனேன். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. கிளையில் சொன்னதற்கு "தானா வந்துரும்" என்றார்கள். ஜூன் 26-ஆம் தேதிதான் வந்தது. தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்று நண்பர் சொல்கிறார். மேனேஜரிடம் கேட்டால், "அதான் பணம் வந்துருச்சே" என்கிறார். நல்ல சூடாக ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?
— வாசகர், மேலூர்

பதில்: இழப்பீடு உண்டு, நண்பர் சொன்னது சரி. ஆனால் கடிதத்தில் சூடு வேண்டாம். ஏன் என்பதற்கு மதுரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

திருநகரில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். மார்ச் 3-ஆம் தேதி, மாட்டுத்தாவணி பக்கம் தன் வங்கிக் கிளையை ஒட்டியிருக்கும் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார். இயந்திரம் நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. உள்ளே நோட்டு சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். கணக்கில் கழிப்பது ஒரு பக்கம் முடிந்திருக்கும், நோட்டு மட்டும் வெளியே வராமல் இயந்திரத்துக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு இயந்திரத்தின் பதிவேட்டையும் உள்ளே இருக்கும் ரொக்கத்தையும் ஒத்துப் பார்க்கும்போது அந்தத் தொகை உபரியாகத் தெரியும். அதனால் பணம் எங்கேயும் தொலைந்துவிடாது. அந்தச் சரிபார்ப்பை எத்தனை நாளில் முடிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

டீச்சருக்கு அது முடிய ஏப்ரல் 2 ஆனது. வந்தது வெறும் 10,000. அவருடைய மருமகன் கொதித்துப் போய், வக்கீல் நோட்டீஸ் விடலாம், எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம் என்றார். மகளோ, "விடுங்கம்மா, வந்தவரைக்கும் லாபம்" என்றாள். டீச்சர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். நகலை எனக்குக் காட்டியபோது நான் இரண்டு முறை படித்தேன். பெயர், கணக்கு எண் தவிர்த்து அப்படியே தருகிறேன்:

"மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: ஏடிஎம்மில் வராத தொகை தாமதமாகத் திரும்பியது – இழப்பீடு வேண்டுதல்.

பார்வை: தோல்வியுற்ற பரிவர்த்தனைகள் குறித்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, நாள் 20.9.2019.

மார்ச் 3 அன்று காலை 10.40 மணிக்குத் தங்கள் கிளை ஏடிஎம்மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். தொகை கழிந்தது, பணம் வரவில்லை. பரிவர்த்தனை எண் அடங்கிய சீட்டின் நகலை இணைத்துள்ளேன். தொகை ஏப்ரல் 2 அன்று என் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டது. அதற்கு நன்றி.

மேற்படி சுற்றறிக்கையின்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள், அதாவது மார்ச் 8-க்குள், தொகை திரும்பியிருக்க வேண்டும். அதற்குப் பின் தாமதம் 25 நாட்கள். நாளொன்றுக்கு ரூ.100 வீதம் ரூ.2,500 என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் பிழை இருந்தால் தெரிவிக்கவும், திருத்திக்கொள்கிறேன்.

அன்று அதே நேரத்தில் அதே இயந்திரத்தில் வேறு சிலருக்கும் இவ்வாறு நேர்ந்திருக்கலாம். பதிவேட்டைப் பார்த்து அவர்களுக்கும் இதைச் செய்தால் மகிழ்வேன்."

இவ்வளவுதான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை, "இத்தனை வருஷமாக உங்கள் வாடிக்கையாளர்" என்ற புலம்பலும் இல்லை. மேலாளர் இதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் எதையும் தேட வேண்டியதில்லை. தேதி, தொகை, விதி, கேட்கும் ரூபாய் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கோபத்தில் எழுதும் கடிதத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது கேட்கும் தொகைதான். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், "வருந்துகிறோம்" என்ற பதிலோடு கோப்பை மூடிவிடலாம். 2,500 என்று கேட்டுவிட்டால் தர வேண்டும், இல்லையென்றால் ஏன் தரவில்லை என்று எழுத வேண்டும்.

டீச்சர் இரண்டு பிரதி கொண்டுபோனார். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். கவுண்டரில் இருந்த பையன், "டீச்சர், இதுக்கெல்லாம் காசு தர மாட்டாங்க" என்று பரிவோடுதான் சொன்னான்.

ஒன்பதாம் நாள் 2,500 ரூபாய் வரவானது. வீட்டில் எல்லாருக்கும் அதுவே ஆச்சரியம். அடுத்த வாரம் மேலாளரே கூப்பிட்டார். பதிவேட்டைப் பார்த்ததில் அன்று அதே அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேருக்கும் அப்படி ஆகி, அவர்களுக்கும் பணம் தாமதமாகத்தான் திரும்பியிருக்கிறது. இருவருக்கும் இழப்பீடு போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விற்கும் அம்மா. புகாரே கொடுக்காதவர். பாஸ்புக்கில் தெரியாத 2,500 ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், "யார் காசோ எங்கணக்குல விழுந்துருக்குய்யா, எடுத்துக்கங்க" என்று கிளைக்கு வந்துவிட்டார். "உங்க காசுதாம்மா, ஒரு டீச்சர் எழுதிக் கேட்டாங்க" என்று சொல்லி அனுப்பினாராம் மேலாளர்.

டீச்சருக்கும் அந்த அம்மாவுக்கும் கிடைத்தது சலுகை அல்ல. வாடிக்கையாளர் புகார் செய்யாவிட்டாலும் வங்கி தானாகவே இந்த இழப்பீட்டை வரவு வைக்க வேண்டும் என்பதுதான் விதி. 2019 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல கிளைகளில் அது நடப்பதில்லை, அதனால் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கணக்கு. ஜூன் 4-உடன் ஐந்து நாள் சேர்த்தால் ஜூன் 9. பணம் வந்தது 26. தாமதம் 17 நாள், 1,700 ரூபாய். வேலை நாள் மட்டும்தான் எண்ண வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இது நாட்காட்டி நாள் கணக்கு. வேறு வங்கியின் ஏடிஎம்மாக இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கே எழுதுங்கள். சீட்டு இல்லையென்றால் பாஸ்புக்கில் ஜூன் 4, ஜூன் 26 பதிவுகள் இருக்கும் பக்கத்தை நகலெடுத்து இணைத்தால் போதும்.

இரண்டு சங்கடங்கள் வரலாம். "பரிவர்த்தனை வெற்றி என்றே பதிவாகியிருக்கிறது" என்று சில வங்கிகள் புகாரைத் தள்ளிவிடும். உங்கள் விஷயத்தில் பணத்தைத் திருப்பித் தந்ததன் மூலம் தோல்வியை வங்கியே ஏற்றுக்கொண்டுவிட்டது, அதனால் அந்தப் பேச்சு எழாது. பணமே வராதவர்கள் அந்த நேரத்து இயந்திரப் பதிவேடு, ரொக்கச் சரிபார்ப்பு அறிக்கை, கேமரா காட்சி மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். கேமரா காட்சியை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே முதல் வாரத்திலேயே கேட்பது நல்லது.

இன்னொன்று, பதிலே வராமல் போவது. முத்திரை வாங்கிய நாளிலிருந்து 30 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றாலோ, மறுத்துவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகாரைப் பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். அதனால் முத்திரை விழுந்த அந்த இரண்டாம் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.