கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்தால் அது தொழில்

வணக்கம் அம்மா. உச்சிப்புளியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பி.காம். முடித்த மகள், முண்டு மிளகாயும் கருப்பட்டியும் இணையத்தில் விற்கும் ராமநாதபுரம் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறாள். கடையின் சொந்தத் தளத்தில் எவ்வளவு சரக்கு காட்டுகிறது, அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோவில் எவ்வளவு காட்டுகிறது என்று தினமும் காலையில் எக்செல்லில் எடுத்து, ஒட்டாத எண்களை முதலாளிக்கு அனுப்புகிறாள். "இதற்கா காலேஜ் படிக்க வைத்தோம்? பேங்க் பரீட்சைக்கு உட்கார வைத்திருக்கலாமே" என்று கேட்கிறீர்கள்.

அவள் அந்த அறிக்கையை எந்த இடத்தில் நிறுத்துகிறாள் என்பதைப் பொறுத்ததுதான் என் பதில். "மூன்று பாக்கெட் வித்தியாசம்" என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போனால், அதில் எதிர்காலம் இல்லை. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று எழுதத் தொடங்கினால் விஷயமே வேறு. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முண்டு மிளகாய் 500 கிராம் பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவு எல்லா இடத்திலும் கணக்கு சரியாக இருந்தது. இன்று காலை 9 மணிக்குக் குடோன் அலமாரியில் எண்ணினால் 46 பாக்கெட். இரவில் வந்த ஆர்டர்களுக்காக அதில் 6 ஒதுக்கப்பட்டிருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை. ஆக, புதிதாக விற்கக்கூடியது 40. சொந்தத் தளம் 40 காட்டுகிறது. முதல் சந்தைத் தளமும் 40. இரண்டாவது தளம் 35 காட்டுகிறது. மூன்றாவது தளம் 43.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை இரண்டு தளங்களிலும் தப்பு என்று எழுதிவிடும். இரண்டாவது தளத்தில் தப்பே இல்லை. கடைசி நேரத்தில் சரக்கு தீர்ந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முதலாளியே அங்கே 5 பாக்கெட்டை மறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இருக்க வேண்டிய வித்தியாசத்தைக் கழித்த பிறகுதான் உண்மையான வித்தியாசம் தெரியும். எக்செல்லில் B அலமாரி எண்ணிக்கை, C தளம் காட்டுவது, D அனுப்பாத ஆர்டர், E மறைத்து வைத்தது என்றால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=C2-(B2-D2-E2)
```

இரண்டாவது தளத்துக்கு இது 0 தரும். மூன்றாவதற்கு 3 தரும். கணக்கு உதைப்பது அங்கேதான்.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது? இரவு ஆர்டர் பட்டியலைத் திறந்தால் சொந்தத் தளத்தில் மூன்று ஆர்டர்கள் இருக்கின்றன. மூன்றுமே இரண்டு பாக்கெட் சேர்ந்த ஒரு கிலோ காம்போ. அலமாரியிலிருந்து போக வேண்டியது 6 பாக்கெட். சொந்தத் தளமும் மற்ற இரண்டு தளங்களும் 6 கழித்திருக்கின்றன. எந்தப் பொருள் விற்றால் எத்தனை பாக்கெட் கழிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தளத்துக்கும் மென்பொருளில் ஓர் இணைப்பு அட்டவணை இருக்கும். மூன்றாவது தளத்துக்கான அட்டவணையில் மட்டும், ஒரு காம்போவுக்கு 2 பாக்கெட் என்று போட வேண்டிய இடத்தில் 1 என்று கிடக்கிறது. அதனால் அங்கே 46-லிருந்து 3 மட்டும் கழிந்து 43 நிற்கிறது.

இது ஊகமா, உண்மையா என்று அடுத்த நாளே சொல்லிவிடலாம். அன்று இன்னும் 4 காம்போ விற்றால் வித்தியாசம் 7 ஆகும். காம்போ விற்காத நாளில் அசையாமல் நிற்கும். 43-ஐக் கையால் 40 என்று மாற்றுவதோடு விட்டால், அடுத்த காம்போ விற்றதும் மறுபடி உதைக்கும். எண்ணைத் திருத்துவதோடு நிறுத்தாமல் அட்டவணையில் 1-ஐ 2 ஆக்குகிறவள்தான் அந்தக் கடைக்கு வேண்டிய ஆள்.

இதில் முதலாளிக்கு என்ன போகிறது என்றும் கேட்பீர்கள். இல்லாத பாக்கெட்டுக்கு ஆர்டர் வந்தால் கடைதான் ரத்து செய்ய வேண்டும். சரக்கைத் தானே அனுப்பும் விற்பனையாளர், அனுப்பும் முன் ரத்து செய்வது 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமேசானின் அளவுகோல். வாரம் 40 ஆர்டர் வரும் சின்னக் கடையில் ஒரே ஒரு ரத்து 2.5 சதவீதம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயரைப் பார்த்துத் தேடி வாங்க வருகிறவரிடம் "ஸ்டாக் இல்லை, மன்னிக்கவும்" என்று சொல்வது அந்தக் கணக்கைவிடப் பெரிய நஷ்டம் என்பது என் எண்ணம்.

மகள் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று நேரம். அலமாரியை 9 மணிக்கு எண்ணி, ஒரு தளத்தின் கோப்பை 9.40-க்கு இறக்கினால், இடையில் விற்றதெல்லாம் பொய் வித்தியாசமாக வந்து நிற்கும். ஆர்டர் குறைவாக வரும் அதிகாலையில் எல்லாத் தளக் கோப்புகளையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, உடனே எண்ணுவது நல்லது. ஒட்டாதவற்றை மட்டும் அரை மணி கழித்து மறுபடி பார்த்தால், நேரத்தால் வந்தது பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். அப்புறமும் நிற்பதைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

இன்னொன்று திரும்பி வரும் பார்சல். வாடிக்கையாளர் வாங்காமல் திருப்பிய பார்சல் வழியில் இருக்கும்போதே சில கடைகளின் மென்பொருள் அதைச் சரக்கில் கூட்டிவிடும். அது கருப்பட்டியாக இருந்தால் வந்து சேர்ந்த பிறகும் விற்க முடியாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றில் கருப்பட்டி எப்படிக் கசிந்து ஒட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணினியில் ஒன்று, அலமாரியிலும் ஒன்று, ஆனால் அனுப்பத் தகுந்தது பூஜ்யம். எண்கள் ஒட்டுகிற இடத்திலும் தப்பு இருக்கலாம் என்பதற்கு இது உதாரணம். எக்செல்லை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது, பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கிறவருக்குத் தெரியும். திரும்பி வந்ததைத் தனிப் பெட்டியில் வைத்து, நல்லது என்று பார்த்த பிறகே சரக்கில் கூட்டச் சொல்ல வேண்டும்.

எனவே மகளிடம் இதைக் கேளுங்கள்: ஆர்டர் பட்டியலையும் இணைப்பு அட்டவணையையும் திறந்து பார்க்க அனுமதி இருக்கிறதா? குடோனுக்குள் போய் எண்ண விடுகிறார்களா? இரண்டும் இருந்தால் ஓர் ஆண்டு தாராளமாக இருக்கட்டும், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டும் கொடுக்கவில்லை என்றால், ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கற்க ஒன்றும் இருக்காது. வேறு இடம் பார்க்கலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, இப்போதே பெரிய கோர்ஸில் பணத்தைக் கட்டாதீர்கள். எக்செல்லிலேயே இருக்கும் பவர் குவெரியை முதலில் கற்கட்டும். நான்கு கோப்புகளிலும் எந்தக் கட்டம் எதற்குச் சமம் என்று ஒரு முறை பொருத்திக் காட்டிவிட்டால், பிறகு புதிய கோப்புகளை அதே இடத்தில் அதே பெயரில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் சேர்த்துக்கொடுக்கும், தினமும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. அது கைக்கு வந்த பிறகு, தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியைக் கற்கலாம். பேங்க் பரீட்சை எழுத ஆசை அவளுக்கே இருந்தால் மாலையில் படிக்கட்டும், இந்த வேலை அதற்குக் குறுக்கே நிற்காது. உங்களுக்கு மட்டும் இருக்கிற ஆசை என்றால் இப்போதைக்கு வற்புறுத்த வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அறிக்கையில் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் "காரணம்" என்றும் "சரிசெய்த நாள்" என்றும் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாத அன்று "தெரியவில்லை" என்றே எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அதில் எந்தக் காரணம் எத்தனை முறை வந்தது என்று எண்ணி ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மதுரையிலோ சென்னையிலோ சரக்குக் கணக்கை ஆராயும் இன்வென்டரி அனலிஸ்ட் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது, கடையின் பெயரையும் விற்பனை எண்களையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எடுத்துப்போனால் போதும்.