'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வேண்டாம், 'ரிப்ளை' பின்னால் 'டு' வேண்டும்: ஏன்?

கேள்வி: மேடம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் போடுவது நான்தான். போன வாரம் இப்படி எழுதினேன்: "வி டிஸ்கஸ்டு அபவுட் த பிரைஸ். யூ ஆர்டர்டு ஃபார் 200 ஆங்க்லெட்ஸ். வி ரிக்வெஸ்ட் ஃபார் 50 பர்சென்ட் அட்வான்ஸ். பிளீஸ் ரிப்ளை மி. அவர் ஓனர்ஸ் சன் இஸ் மேரியிங் வித் எ கேர்ள் ஃப்ரம் தர்மபுரி, ஸோ த ஆபீஸ் இஸ் குளோஸ்டு ஆன் மண்டே." எல்லா வரியிலும் தப்பு இருக்கிறது என்று முதலாளி மகன் சொல்கிறார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் 600 வினைச்சொல் பட்டியல் தருகிறார்களாம், 4,500 ரூபாய் கேட்கிறார்கள். சேரட்டுமா?

பதில்: சேர வேண்டாம். அந்த 4,500 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும். உங்கள் மெயிலில் இருப்பது 5 தவறு என்றாலும் காரணம் இரண்டுதான்: வேண்டாத இடத்தில் பிரிபொசிஷனைப் போட்டது, வேண்டிய இடத்தில் விட்டது. இரண்டையும் புரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் தமிழில் பாருங்கள். 'விலையைச் சொன்னேன்' என்கிறோம். அந்த 'ஐ' உருபுதான், சொன்னது எதை என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் இந்த 'ஐ'க்கு ஒரு சொல் கிடையாது. வினைச்சொல்லை ஒட்டி அடுத்ததாக ஒரு பெயர் வந்து உட்கார்ந்தாலே அதற்கு 'ஐ' வந்துவிட்டது என்று அர்த்தம். 'டிஸ்கஸ் த பிரைஸ்' என்றால் விலையைக் கலந்து பேசு. 'த பிரைஸ்' நிற்கும் இடமே 'ஐ' வேலையைச் செய்துவிடுகிறது. நமக்கோ அங்கே ஏதோ வெற்றிடம் இருப்பதுபோல் தோன்றுகிறது. தமிழில் 'விலையைப் பற்றிப் பேசினோம்' என்று சொல்லிப் பழகிய வாய் அல்லவா? உடனே அந்த 'பற்றி'யைக் கொண்டுவந்து 'அபவுட்' ஆக்கி அந்த இடத்தில் போட்டுவிடுகிறோம். 'டாக் அபவுட்' சரிதான், அங்கே 'அபவுட்' வேண்டும். ஆனால் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றிப் பேசு' என்ற முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. மறுபடி 'அபவுட்' போட்டால் 'பற்றிப் பற்றிப் பேசினோம்' என்பதுபோல் ஆகிவிடும்.

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம், அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தேர்வில் 'பொருத்தமான பிரிபொசிஷனால் கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று கேட்கிறார்கள். கோடு இருக்கிறது, எனவே ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். 'இந்தக் கோட்டில் ஒன்றும் வராது, காலியாக விடு' என்பதை விடையாகக் கொண்ட ஒரு கேள்வியை, நான் பாடம் எடுத்த 31 வருடத்தில் ஒரு வினாத்தாளிலும் பார்த்ததில்லை. வினைச்சொல் என்றால் பின்னால் ஏதாவது ஒட்டியே தீரும் என்று பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் பழக்குகிறோம். பிறகு அவர்கள் ஆபீசுக்குப் போய் 'டிஸ்கஸ் அபவுட்' எழுதினால் அவர்களையே குறை சொல்கிறோம்.

சரி, இப்போது உங்கள் வரிகளுக்கு வருகிறேன். ஒரே சொல், வினையாக வரும்போது பிரிபொசிஷனைக் கேட்காது, பெயர்ச்சொல்லாக வரும்போது கேட்கும். குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான். 'வி டிஸ்கஸ்டு த பிரைஸ்' சரி. 'வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த பிரைஸ்' என்பதும் சரி. 'டிஸ்கஷன்' பெயர்ச்சொல், அதற்கு 'ஐ' எடுக்கும் சக்தி இல்லை, அதனால் 'அபவுட்' துணைக்கு வருகிறது. 'டிஸ்கஸ்', 'டிஸ்கஷன்' இரண்டும் உருவத்தில் வேறுபடுவதால் இதைப் பிடித்துவிடலாம். 'ஆர்டர்', 'ரிக்வெஸ்ட்' போன்றவற்றில் பெயரும் வினையும் ஒரே எழுத்துகள். அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்.

'யுவர் ஆர்டர் ஃபார் 200 ஆங்க்லெட்ஸ்' என்று எழுதினால் சரி. 'யூ ஆர்டர்டு ஃபார் 200 ஆங்க்லெட்ஸ்' தவறு, 'யூ ஆர்டர்டு 200 ஆங்க்லெட்ஸ்' என்று இருக்க வேண்டும். அதேபோல் 'அட்வான்ஸ்' வரி. மெயிலின் தலைப்பில் 'ரிக்வெஸ்ட் ஃபார் அட்வான்ஸ்' என்று போடுங்கள், அதில் தவறே இல்லை. உள்ளே வாக்கியத்தில் மட்டும் 'வி ரிக்வெஸ்ட் எ 50 பர்சென்ட் அட்வான்ஸ்' என்று 'ஃபார்' இல்லாமல் வர வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 'எ', 'த', 'மை', 'யுவர்' இவற்றில் ஒன்று நின்றால் அது பெயர், பின்னால் பிரிபொசிஷன் வரலாம். 'ஐ', 'வி', 'யூ', 'ஹி' நின்றால் அது வினை, பிரிபொசிஷனை எடுத்துவிட்டு நேராகப் பொருளைச் சொல்லுங்கள். எல்லா வினைக்கும் இது பொருந்தாது. 'வெயிட்', 'லிசன்', 'டிபெண்ட்' எல்லாம் வினையாக இருந்தும் பிரிபொசிஷன் கேட்பவை. ஆனால் ஆபீஸ் மெயிலில் நம் ஊரில் அதிகம் தப்பாக வருகிற டிஸ்கஸ், ஆர்டர், ரிக்வெஸ்ட், காண்டாக்ட் நான்குக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

'ரீச்' சொல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பார்சல் சேலத்துக்கு வந்து சேர்ந்தது என்கிறோம், அந்த 'கு'வைப் பார்த்து 'ரீச்டு டு சேலம்' என்று எழுதுகிறோம். 'ரீச்டு சேலம்' போதும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலும் 'வி ரீச்டு ஏற்காடு' தான்.

'ரிப்ளை' நேர் எதிர். இங்கே நீங்கள் கூடுதலாக எதையும் போடவில்லை, வேண்டியதை விட்டுவிட்டீர்கள். 'டெல் மி', 'கிவ் மி', 'ஆஸ்க் மி', 'ஆன்சர் மி' எல்லாம் கேட்டுக் கேட்டு, அதே தாளத்தில் 'ரிப்ளை மி' வந்துவிடுகிறது. 'ரிப்ளை' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. தமிழில் 'மெயிலுக்குப் பதில் எழுதினேன்', 'எனக்குப் பதில் எழுதுங்கள்' என்கிறோமே, அந்த 'கு'வை இங்கே அப்படியே 'டு' ஆக்குங்கள்: 'ரிப்ளை டு மை மெயில்', 'ரிப்ளை டு மி'. தமிழ் நமக்கு உதவி செய்கிற இடம் இது, அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுகிறோம். 'எக்ஸ்ப்ளெயின் மி' என்று எழுதுகிறவர்களுக்கும் இதேதான்: 'எக்ஸ்ப்ளெயின் டு மி'. உங்கள் மெயிலுக்கு இன்னும் எளிதாக ஒன்று சொல்கிறேன். மெயில் அனுப்புவது நீங்கள், பதில் உங்களுக்குத்தான் வரும். 'பிளீஸ் ரிப்ளை பை ஃபிரைடே' என்று எழுதிவிடுங்கள், 'மி'யும் வேண்டாம் 'டு'வும் வேண்டாம்.

கல்யாண வரியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'மேரி'யில் மட்டும் ஒரே விதி கிடையாது.

'அவளைக் கல்யாணம் பண்ணினான்', 'அவளைக் கட்டிக்கொண்டான்' என்று தமிழிலும் 'ஐ'தான் வருகிறது. எனவே 'ஹி இஸ் மேரியிங் எ கேர்ள் ஃப்ரம் தர்மபுரி' என்பதே சரி. 'வித்' எங்கிருந்து வந்தது? 'அவளோடு கல்யாணம் நடந்தது' என்ற இன்னொரு வாக்கியத்திலிருந்து. அங்கே 'கல்யாணம்' பெயர்ச்சொல், அதனால் 'ஓடு' வந்தது. கல்யாணம் முடிந்த நிலையைச் சொல்லும்போது 'டு' வரும்: 'ஹி இஸ் மேரீட் டு எ டீச்சர்', 'ஹி காட் மேரீட் டு எ டீச்சர்'. 'மேரீட்' இங்கே 'கல்யாணமானவர்' என்று நிலையைச் சொல்லும் சொல்லாக மாறிவிட்டது, அதற்கு 'ஐ' எடுக்கத் தெரியாது. மூன்றாவது, பெற்றோர் மகளைக் கட்டிக் கொடுப்பது. 'தே மேரீட் தேர் டாட்டர் டு எ டாக்டர்' சரி. மகளை, டாக்டருக்கு: தமிழில் 'ஐ'யும் 'கு'வும் வருவதுபோல் அங்கே நேர்ப்பொருளும் 'டு'வும் வருகின்றன. இனி ஒன்றே ஒன்று 'வித்' உள்ளது. 'ஹி இஸ் மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று ஆங்கிலேயர்களே எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு 'பாருங்கள், வித் வருகிறதே' என்று என்னிடம் வந்து வாதாடியவர்கள் உண்டு. அந்த 'வித்' கல்யாணத்தோடு சேர்ந்ததல்ல. கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். அங்கே 'டு' போட்டால் இரண்டு குழந்தைகளைக் கட்டிக்கொண்டார் என்று விபரீதமாகிவிடும். எனவே 'இஸ் மேரீட்' பின்னால் மனைவி அல்லது கணவர் என்றால் 'டு', கூடவே பிள்ளைகள் என்றால் 'வித்'.

கல்யாண புரோக்கர்கள் கைமாற்றிக் கைமாற்றித் தருகிற பயோடேட்டா மாதிரிகளை நம்பாதீர்கள். 'எல்டர் சிஸ்டர் மேரீட் வித் இன்ஜினியர்' என்ற வரி எத்தனையோ வீட்டு ஜாதகக் கவரில் இருக்கிறது. ஒருவர் டைப் செய்ததை இன்னொருவர் பெயர் மட்டும் மாற்றி, தாளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொள்கிறார்.

அந்த 600 சொல் பட்டியலையும் அதனால்தான் வேண்டாம் என்றேன். என்னிடம் படித்த ஒரு பையன் அப்படி ஒரு பட்டியலைக் காசு கொடுத்து வாங்கி வந்து காட்டினான். அதில் 'டிஸ்கஸ் அபவுட்' என்றே அச்சாகியிருந்தது. சரியான பட்டியலாக இருந்தாலும் பிரச்சினை தீராது. பட்டியலில் 'ஆர்டர் ஃபார்' என்று இருக்கும், அது பெயருக்கா வினைக்கா என்று இருக்காது. மனப்பாடம் செய்துவிட்டு மறுபடி 'யூ ஆர்டர்டு ஃபார்' என்று எழுதுவீர்கள். மெயிலைத் திருத்தித் தருகிறேன் என்று ஒன்றுக்கு 50 ரூபாய் வாங்குகிற ஆட்களிடமும் போகாதீர்கள். அவர்கள் எளிய சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல்லாகப் போடுவார்கள், பிரிபொசிஷன் தவறு அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியைத் திறந்து, அர்த்தத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள். வினைக்கு ஒரு பகுதி, பெயருக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கும். போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

உங்கள் மெயில் இப்படி இருக்கட்டும்: "வி டிஸ்கஸ்டு த பிரைஸ். யூ ஆர்டர்டு 200 ஆங்க்லெட்ஸ். வி ரிக்வெஸ்ட் எ 50 பர்சென்ட் அட்வான்ஸ். பிளீஸ் ரிப்ளை பை ஃபிரைடே. அவர் ஓனர்ஸ் சன் இஸ் மேரியிங் எ கேர்ள் ஃப்ரம் தர்மபுரி, ஸோ த ஆபீஸ் வில் பி குளோஸ்டு ஆன் மண்டே." நான்கு இடத்தில் ஒரு சொல்லை எடுத்தோம். அட்வான்ஸ் வரியில் 'எ' ஒன்றைச் சேர்த்தோம். ரிப்ளை வரியில் 'மி'யை விட்டுவிட்டு நாளைச் சேர்த்தோம். விடுமுறை இனி வரப்போவது என்பதால் கடைசியில் 'இஸ்'ஸை 'வில் பி' ஆக்கினேன்.

போன வாரம் போன மெயிலுக்காக மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் போட வேண்டாம். விலையும் எண்ணிக்கையும் அவருக்குப் புரிந்திருக்கும். 'டிஸ்கஸ் அபவுட்' என்று இந்தியாவில் எல்லா ஊரிலும் எழுதுகிறார்கள், வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அது பழக்கம்தான். அடுத்த மெயிலிலிருந்து சரியாகப் போனால் போதும். முதலாளி மகனிடம் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தையும் அச்சுக்குப் போகும் முன் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.