பம்பர் மட்டும்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: நேற்று மாலை சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த கார் என் கார்மீது மோதிவிட்டது. யாருக்கும் காயமில்லை. பின் பம்பரில் விரிசல். மோதியவர், "போலீஸ் எதற்கு, செலவை நானே தந்துவிடுகிறேன்" என்று எண் கொடுத்துவிட்டுப் போனார். இனி புகார் கொடுக்க முடியுமா? இன்சூரன்ஸில் எப்படிக் கேட்பது?

பதில்: முடியும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் இன்றே உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்தைத் தெரிவிப்பது வேறு, இழப்பீடு கேட்பது வேறு. கேட்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம். ஆனால் மோதியவர் நாலு நாளில் பேச்சு மாறினால், தாமதத் தகவல் உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும்.

அடுத்து போலீஸ். பொதுவாக உங்கள் வீட்டருகே உள்ள நிலையத்துக்கு அல்ல, விபத்து நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லையில் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். சில இடங்களில் இணையத்திலேயே பதியலாம். காயமில்லாத சிறு மோதலுக்கு வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதாகக் குறித்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் அதுவே போதும். தேதியும் எண்ணும் உள்ள நகல் இல்லாமல் மட்டும் திரும்பாதீர்கள்.

புகாரில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். "அதிவேகமாக வந்தார்", "போன் பேசிக்கொண்டிருந்தார்" என்பதெல்லாம் நீங்கள் பார்க்காதவரை வேண்டாம். உங்கள் விஷயத்தில் இவ்வளவு போதும்: "இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்தச் சந்திப்பில் வடக்கு நோக்கி, சிவப்பு விளக்குக்காக என் கார் நின்றிருந்தது. இந்தப் பதிவெண் கொண்ட கார் பின்னாலிருந்து மோதியது. யாருக்கும் காயமில்லை. வெளியே தெரிந்தவரை, பின் பம்பரின் இடப்பக்கம் விரிசல்."

"வெளியே தெரிந்தவரை" என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பம்பர் உள்வாங்கிவிட்டுத் திரும்பப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள உலோகச் சட்டம் வளைந்தால் வளைந்ததுதான். டிக்கி மூடிக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி இடமும் வலமும் சமமாக இருக்கிறதா, மூடி முன்போலவே பூட்டுகிறதா, பார்க்கிங் சென்சார் காரணமில்லாமல் அலறுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று மாறியிருந்தாலும் உள்ளே சேதம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்சூரன்ஸ் படிவத்திலும் இதே விவரத்தை, இதே நேரத்தை எழுதுங்கள். புகாரில் "நின்றிருந்தேன்", படிவத்தில் "மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்" என்றிருந்தால், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் முதல் கேள்வி அதுதான். பதிவெண் பலகையும் சேதமும் ஒரே சட்டகத்தில் விழும்படி படம் எடுங்கள். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள். ஓட்ட ஓட்டப் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும்.

இழப்பீட்டை யாரிடம் கேட்பது? நின்ற காரில் பின்னாலிருந்து மோதியது தெளிவாக அவர் பக்கத் தவறு என்பதால், உங்கள் ஊர் விதி இடம் கொடுத்தால் அவருடைய இன்சூரன்ஸில் கேட்பதே லாபம். உங்கள் பாலிசியில் கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், நாணயம் எதுவானாலும் சரி. பழுதுச் செலவு 6,000, நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு 2,000 என்றால் கைக்கு வருவது 4,000. இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி பறிபோவதால் அடுத்த மூன்று ஆண்டுகளில் பிரீமியம் 1,500, 1,000, 500 என்று கூடினால் அதில் 3,000 போய்விடும். மிச்சம் வெறும் 1,000.

அவரே பணம் தருவதானால், பம்பரைக் கழற்றிப் பார்க்கும்வரை "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவரிடம் வாங்கிய தொகையை மறைத்து இன்சூரன்ஸிலும் கேட்பது மோசடி.

இன்சூரன்ஸில்தான் கேட்பதென்றால், சர்வேயர் பார்க்கும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்ற விடாதீர்கள். சேதத்துக்குச் சாட்சி அந்த வண்டிதான். பார்வைக்குப் பிறகு பம்பரைக் கழற்றும்போது உள்ளே சட்டம் வளைந்திருந்தால், பட்டறை வேலையை நிறுத்திப் படம் எடுத்து, கூடுதல் மதிப்பீடு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகே தொடர வேண்டும். "முதலில் முடித்துவிடுகிறோம், பிறகு பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று பட்டறையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒப்புதல் இல்லாத அந்தப் பாகத்தின் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸ் போட்டு சென்சாரையும் கேமராவையும் சோதித்துவிட்டு, பிறகு திருப்திச் சான்றில் கையெழுத்துப் போடுங்கள்.